ரூம் சேர்விஸ் மெனு அட்டையில் நேரமும் இரண்டு வரி விவரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சமையல்காரர் கோழிக் கொத்து 10 நிமிடத்தில் போட்டுவிடுகிறார். அட்டையிலும் 10 நிமிடம் என்று போடலாம்தானே?

வேண்டாம். அந்தப் பத்து நிமிடம் தட்டுக்கல்லில் கரண்டி விழுகிற நேரம். அறையில் இருப்பவருக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை. அவர் தொலைபேசியை வைத்ததிலிருந்து கதவு தட்டப்படும் வரைதான் எண்ணுகிறார்.

முதல் முறை ஒரு ஹோட்டலுக்கு நான் அட்டை எழுதிக்கொடுத்தபோது இதே பிழையைச் செய்தேன். குசினிக்குப் போய், "அண்ணே, கொத்துக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன். அவர் பெருமையாக, "பத்து, மிஞ்சிப்போனால் பதினைந்து" என்றார். 15 என்று அச்சடித்தோம். நுவரெலியாவுக்கு வேலையாக வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கொழும்பில் மத்தியானம் வேலை முடித்து, அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் என்று வளைவு வளைவாக ஏறி, இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்குவார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கப் போக வேண்டும், அல்லது வங்கிக் கிளையில் கணக்காய்வு இருக்கும். அப்படி வந்த ஒருவர் "15 நிமிடம்" என்று பார்த்ததும் குளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். குளியலறையில் இருக்கும்போது கதவைத் தட்டிவிடுவார்களோ என்ற எண்ணம். சாப்பாடு 35 நிமிடம் கழித்துத்தான் போனது. அதற்குள் மூன்று தடவை தொலைபேசி எடுத்துவிட்டார். ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொன்னவர், ட்ரே தூக்க வேண்டிய அதே பையன். ஆகப் பொய்யான நேரம் அந்த ஓடரையும் பிந்த வைத்தது, அடுத்ததையும் பிந்த வைத்தது.

அட்டையில் 35 என்று இருந்திருந்தால் அவர் வெந்நீரில் குளித்து, வீட்டுக்குப் பேசி முடித்து, நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். சாப்பாடு வந்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, கதவு வரைக்குமான நேரத்தை எப்படி அளப்பது? எங்களிடம் கணினி முறை எதுவும் இல்லை.

பேனை போதும். குசினிக்குப் போகும் கே.ஓ.டி. துண்டின் மூலையில் மூன்று நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: தொலைபேசி மணி அடித்தது, சாப்பாடு அடுப்பிலிருந்து இறங்கியது, அறைக் கதவைத் தட்டியது. இரண்டு வாரம் எழுதினால் போதும். சாதாரண வாரங்களாகப் பாருங்கள். ஏப்ரல் சீசனும் வேண்டாம், ஆளே இல்லாத மழை வாரமும் வேண்டாம்.

மேலே சொன்ன ஹோட்டலில் பிறகு அப்படித்தான் அளந்தோம். பழைய கட்டடம் ஒன்று, சரிவில் சற்று மேலே புதிய கட்டடம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே குசினி. ஒரு கொத்தின் கதை இது. 9.04க்கு மணி அடித்தது. என்ன இருக்கிறது, உறைப்பு எவ்வளவு, எந்த அறை என்று பேசி முடிக்க 9.07. துண்டு குசினிக்குப் போனது 9.08. அந்த நேரம் கல்லில் சாப்பாட்டுக்கூடத்துக்கான இரண்டு ஃப்ரைட் ரைஸ். கல் காலியானது 9.13. கொத்து இறங்கியது 9.22. குழம்புக் கோப்பை, முள்ளுக்கரண்டி, துடைப்பான், பில் எல்லாம் தேடி ட்ரே ஆயத்தமானது 9.26. தூக்க ஆள் இல்லை, வேறு அறைக்குப் போனவன் திரும்பி வந்தது 9.29. படியேறிக் கதவைத் தட்டியது 9.33.

மொத்தம் 29 நிமிடம். அதில் சமைத்தது 9 நிமிடம்தான். சமையல்காரர் பொய் சொல்லவில்லை. அவரிடம் கேட்ட கேள்விதான் பிழை.

இரண்டு வாரத்தில் அந்த ஹோட்டலில் 20 கொத்து போனது. இருபது நேரங்களையும் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதினோம். சராசரியை எடுக்கவில்லை. சராசரியைப் போட்டால் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீங்கள் பிந்தியவர்தான். கடைசி இரண்டை விட்டுவிட்டு 18ஆவதைப் பார்த்தோம். அது 33. ஐந்தின் மடங்குக்கு ஏற்றி 35 என்று போட்டோம். விட்ட அந்த இரண்டில் ஒன்று கேஸ் சிலிண்டர் மாற்றிய இரவு, மற்றது மின்சாரம் போன இரவு. அப்படிப்பட்ட இரவுகளை எந்த அட்டையும் தாங்காது.

35 நிமிடம் என்று போட்டால் யார் ஓடர் கொடுப்பார்கள் என்று முதலாளி கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அதற்கு அச்சிட்ட எண்ணை வெட்டாமல் உண்மையான நேரத்தை வெட்டுங்கள். மேலே உள்ள கதையில் எங்கே நேரம் போனது என்று பாருங்கள். ட்ரே ஆயத்தம் செய்ய நான்கு நிமிடம், ஆளைத் தேட மூன்று நிமிடம். நாங்கள் மாலை ஆறு மணிக்கே எட்டு ட்ரேக்களில் துணி விரித்து, கரண்டி, உப்பு, மிளகு, தண்ணீர்க் குவளை வைத்து மூடி வைத்தோம். கொத்து கல்லில் விழும்போதே சமையல்காரர் மணியை ஒருதரம் தட்டுவார், தூக்குகிறவன் அப்போதே குசினி வாசலுக்கு வந்துவிட வேண்டும். அடுத்த இரண்டு வாரம் மறுபடி அளந்தபோது 18ஆவது எண் 28. அட்டையை 30 என்று திருத்தினோம். முதலாளிக்குச் சந்தோஷம்.

இன்னொன்று. 35 நிமிடத்துக்குப் பக்கத்தில் 10 நிமிடத்தில் வரும் ஏதாவது இருக்க வேண்டும். பசி பொறுக்காதவர் அதைக் கேட்பார். பலர் சூப்பை முதலில் வாங்கிக் குடித்துக்கொண்டே கொத்துக்குக் காத்திருப்பார்கள். பில்லும் கூடும்.

"20 முதல் 30 நிமிடம்" என்று இடைவெளி போட்டால் பாதுகாப்பில்லையா?

களைத்த ஆள் 20ஐ மட்டும்தான் படிப்பார். ஒரு எண் போதும்.

கொழும்பில் எங்களுக்கு இன்னொரு ஹோட்டல் இருக்கிறது. அங்குள்ள நேரங்களை அப்படியே எடுக்கலாமா?

வறுவல், பொரியல், வாட்டல் போன்றவற்றுக்கு ஓரளவு எடுக்கலாம். அவியலுக்கு எடுக்க முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு 1 பாகை இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்ட கொதித்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த சட்டியில் சூடு ஏறாது, ஆவிதான் போகும். அதனால் முட்டை அவிய, பாஸ்டா வேக, பருப்பு மசிய கொழும்பைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்டியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தெரிய ஆரம்பிக்கும்.

எத்தனை நிமிடம் கூட்டுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் சட்டியில், உங்கள் அடுப்பில் ஒருதரம் அவித்துப் பாருங்கள். பருப்பை பிரஷர் குக்கரில் முன்கூட்டியே வேகவைத்து, ஓடர் வந்ததும் தாளித்துக் கொதிக்கவிடுகிற வழக்கம் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நேரத்தைவிட மலையில் பெரிய எதிரி குளிர். இரவு 10 பாகை அளவில் இருக்கும்போது திறந்த நடையால் நான்கு நிமிடம் கொண்டுபோகிற சாப்பாடு, போகும் வழியிலேயே ஆறிவிடும். சொதியில் ஆடை படிந்துவிடும். தட்டைச் சுடவைத்து மூடியுடன் அனுப்புங்கள், சூப்பையும் தேநீரையும் பிளாஸ்கில் ஊற்றுங்கள். மூடிபோட்டால் கெட்டுப்போகிறவற்றை இரவு அட்டையிலிருந்தே எடுத்துவிடலாம். உருளைக்கிழங்குச் சிப்ஸ் ஆவியில் நனைந்து தொய்யும். ஆப்பத்தின் ஓரம் மொறுமொறுப்பை இழந்து தோல்போல் ஆகும். ஆப்பம் சாப்பிட ஆசைப்படுகிறவர் கீழே இறங்கி வரட்டும்.

விவரம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? என்ன எழுதுவது?

பன்னிரண்டு, பதினைந்து சொல்லுக்குள். ஆங்கில அட்டையைப் பார்த்து இருபத்தைந்து சொல் எழுதினால் தமிழில் நான்கு வரி ஆகிவிடும், நம் சொற்கள் நீளம்.

நான் பார்த்த ஒரு பழைய அட்டையில் இப்படி இருந்தது: "எமது தலைமைச் சமையற்கலைஞரின் கைவண்ணத்தில், மலையகத்தின் பசுமை கொஞ்சும் மரக்கறிகளுடன், நாவூற மணக்க மணக்கப் பரிமாறப்படும் சுவைமிகு கோழிக் கொத்து." கல்யாண வீட்டு வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது. இத்தனையும் படித்து முடித்தவருக்கு அது உறைப்பா, முட்டை உண்டா, ஒருவருக்குப் போதுமா என்று எதுவும் தெரியாது. எல்லாவற்றையும் தொலைபேசியில் கேட்பார். மேலே 9.04 முதல் 9.07 வரை மூன்று நிமிடம் போனதே, அதில் பாதி இந்தக் கேள்விகள்தான்.

அதை மாற்றி எழுதியது இது:

கோழிக் கொத்து
கோழி, முட்டை, லீக்ஸ், கரட். குழம்பு தனிக் கோப்பையில். உறைப்பு கூட, குறைக்கச் சொல்லலாம். ஒருவருக்குத் தாராளம்.
30 நிமிடம்

அதே அட்டையிலிருந்து இன்னும் இரண்டு:

லீக்ஸ் கிழங்கு சூப்
பிளாஸ்கில் வரும், இரண்டு கோப்பை அளவு. வாட்டிய பாண் 2 துண்டு. உறைப்பில்லை. பசும்பால் சேர்ந்தது.
10 நிமிடம்

இடியப்பம்
10 இடியப்பம், பருப்பு, சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலில் மாசி உண்டு, இல்லாமலும் தருவோம்.
20 நிமிடம்

கவனித்தால், நான் எழுதுவது எப்போதும் தொலைபேசியில் வரும் கேள்விக்கான பதில்தான். ஒரு வாரம் தொலைபேசி எடுப்பவரிடம், "தங்கச்சி, ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வை" என்று சொல்லுங்கள். அந்தக் கொப்பியிலேயே பாதி அட்டை இருக்கும். அளவைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். நம் ஊர்க் கொத்து ஒன்று இரண்டு பேர் சாப்பிடலாம் போல இருக்கும். தனியாக வந்தவர் அதைக் கண்டு மலைத்துப்போவார், பாதியை விடுவார். அரைக் கொத்து என்று ஒரு வரி சேர்த்த இடங்களில் இரவில் அதுதான் முதலில் போகிறது.

சுவையைப் புகழும் சொற்களை முழுக்க விலக்க வேண்டும் என்றில்லை. "சுடச்சுட" என்பது குளிரில் வந்தவருக்கு ஒரு செய்தி. ஆனால் சுடச்சுடப் போகாத ஒன்றுக்கு அதை எழுதிவிடாதீர்கள்.

சைவ உணவுக்குப் பக்கத்தில் பச்சை இலை அடையாளம் போட்டிருக்கிறோம். போதாதா?

சம்பலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தேங்காய்ச் சம்பலிலும் கட்டைச் சம்பலிலும் மாசிக்கருவாடு இடித்துப் போடுவது இங்கே சர்வசாதாரணம். பருப்பிலும் சில கைகள் போடும். சமைக்கிறவருக்கு அது கறிவேப்பிலை மாதிரி, மச்சம் என்ற நினைப்பே வராது. கேட்டால், "சைவம்தான் சேர், கொஞ்சம் மாசி மட்டும்" என்பார்கள்.

வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவருக்கு இடியப்பத்தோடு அப்படிப் போய், அவர் பாதி சாப்பிட்ட பிறகு கண்டுபிடித்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. சத்தம் போடவில்லை. ட்ரேயை வெளியே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். அதன் பிறகு அந்த இடத்தில் இரவுக்கான சம்பலை மாசி இல்லாமலே அரைத்தார்கள், கேட்பவருக்கு மட்டும் மாசியைத் தனியே தூவிக்கொடுத்தார்கள். இலை அடையாளம் அப்போதுதான் உண்மையானது.

கொத்தும் அப்படியே. மரக்கறிக் கொத்து என்று எழுதிவிட்டு, கோழிக் கொத்து போட்ட அதே கல்லில் துடைக்காமல் போட்டால் அது மரக்கறி இல்லை. கல்லைத் தேய்த்துக் கழுவ நேரம் பிடிக்கும் என்றால் அந்த நேரத்தையும் சேர்த்து அச்சடியுங்கள்.

இந்தியாவிலிருந்தும் தமிழர்கள் வேலையாக வருகிறார்கள். அவர்களுக்காகச் சொற்களை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், விளங்கும்படி ஒரு சொல் கூட்டினால் போதும். சென்னையிலிருந்து வருகிறவருக்கு உறைப்பு, பாண், கோவா எல்லாம் புதிது. அட்டையின் தலையில் ஒருதரம் "உறைப்பு என்றால் காரம்" என்று எழுதிவிட்டால் முடிந்தது. சொதிக்கு "தேங்காய்ப்பால் குழம்பு, உறைப்பில்லை" என்று சேர்க்கலாம்.

ஒரு சொல்லில் மட்டும் கவனம். நாம் பால்கறி என்றால் தேங்காய்ப்பால். அவருக்குப் பால் என்றால் மாட்டுப்பால். பால் ஒத்துக்கொள்ளாதவர் நல்ல கறியைத் தவிர்ப்பார். அதைவிட மோசம், சூப்பில் "பால்" என்று எழுதியதைத் தேங்காய்ப்பால் என்று நம் ஆள் நினைத்துக் குடித்துவிடுவார். தேங்காய்ப்பால், பசும்பால் என்று எப்போதும் முழுச் சொல்லாக எழுதுங்கள். முந்திரி, கச்சான், இறால், முட்டை இருந்தால் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும்.

இரவு பத்து மணிக்குப் பிறகு என்னென்ன வைக்கலாம்?

யார் குசினியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. பத்துக்குமேல் ஒரே ஒருவர் என்றால் அவர் தனியாக 15 நிமிடத்துக்குள் முடிக்கக்கூடிய ஐந்தாறு மட்டும். சூப், ஒம்லட்டும் பாணும், இடியப்பம், சாண்ட்விச், பிளேன்டீ, இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணீர். மழையில் நனைந்து தடிமனோடு வந்தவர் கடைசியைக் கண்டதும் முகம் மலர்வார், வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

கொத்தைப் பத்துக்கு நிறுத்துங்கள். காரணம் நேரம் மட்டும் இல்லை. கல்லில் தகரம் அடிக்கிற அந்தத் தாளம் குசினிக்கு மேலே தூங்குகிறவரை எழுப்பிவிடும். ஒருவர் சாப்பிட நான்கு பேர் விழிக்க வேண்டுமா? இதை அட்டையில் "கொத்து இரவு 10 வரை" என்று அந்த வரியிலேயே எழுதுங்கள். அடியில் சின்ன எழுத்தில் போட்டால் யாரும் பார்ப்பதில்லை.

எந்த வரிசையில் அடுக்குவது? சூப், பிரதான உணவு, இனிப்பு என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கூடத்தில் அது சரி. அறையில் நேர வரிசை நல்லது: மேலே 10 நிமிடத்தில் வருபவை, நடுவில் 20, கீழே 30. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரவு அறையின் பெரிய விளக்கை அணைத்து, கட்டில் விளக்கில் மட்டும், கண்ணாடி போடாமல் படித்துப் பாருங்கள். நுவரெலியாவின் பழைய பங்களா ஹோட்டல்களில் அந்த விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக இருக்கும். அங்கே 14 புள்ளி எழுத்துக்குக் கீழே போனால் தமிழில் புள்ளியும் கொம்பும் கரைந்துபோகும்.

விலைக்குக் கீழே "வரிகள் தனி" என்று போட்டால் போதுமா?

சட்டத்தைப் பற்றி உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள். விருந்தினர் பக்கத்திலிருந்து பார்த்தால் போதாது. 1,500 ரூபாய் கொத்துக்கு 10 வீதம் சேவைக் கட்டணமும், அதற்குமேல் 18 வீதம் வற் வரியும் ஏறினால் 1,947 ரூபாய். அலுவலகம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்துக் கொடுத்திருக்கும்போது அந்த 447 ரூபாய் அவருடைய சட்டைப்பையிலிருந்து போகும். கையில் கொடுக்க வேண்டிய முழுத் தொகையையே அட்டையில் போடுங்கள். கம்பனி பெயரில் பில் தர முடியும் என்றால் அதையும் ஒரு வரி சொல்லுங்கள்.

ஏப்ரல் சீசனில் எந்த நேரமும் நிற்பதில்லை. அப்போது என்ன செய்ய?

ஏப்ரலுக்குத் தனி அட்டை. பாதி உணவுகள், நீண்ட நேரங்கள். அதே அட்டையை வைத்துக்கொண்டு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பது வேலைக்காகாது. சாதாரண நாளிலும் திடீரென்று கூட்டம் வரலாம். அப்போது ஓடர் எடுப்பவர் அட்டையில் உள்ளதைத் திருப்பிச் சொல்லாமல், "சேர், இன்றைக்கு 45 நிமிடம் ஆகும், சூப் மட்டும் உடனே அனுப்பட்டுமா?" என்று கேட்கட்டும். அட்டை சொன்ன நேரத்தை மாற்றுகிற உரிமை அவருக்கு இருக்க வேண்டும். முகாமையாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடக் கூடாது.

அச்சடித்த பிறகு எப்போது திருத்துவது?

சமையல்காரர் மாறினால் உடனே. மற்றபடி மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒரு வாரம் மட்டும் கே.ஓ.டி. மூலையில் மறுபடி நேரம் எழுதிப் பாருங்கள். லாமினேட் செய்வதற்கு முன், முதல் மாதம் சாதாரணத் தாளில் அச்சடித்து அறைகளில் வைக்கவும். விருந்தினர்கள் அதில் பேனையால் கிறுக்குவார்கள். ஒருமுறை "30 நிமிடம்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 26 என்று எழுதியிருந்தார் ஒருவர். அதை முதலாளி இன்னும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.